ஆறரை மணிக்கு நிறுத்தினால் என்ன கிடைக்கும்? மன்னார்க் கரையில் ஓர் ஐஸ் தொழிற்சாலையின் மின்சாரக் கணக்கு

நானாட்டான் பிரதேசத்தில் நறுவிலிக்குளம் இருக்கும் இடம் கொஞ்சம் விசேடமானது. ஒரு பக்கம் கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிய வயல்கள். மறுபக்கம் வங்காலைக் கடல். ஆகவே இங்கு ஒருவர் சிறியதாக ஒரு தொழில் தொடங்க நினைத்தால் அது பெரும்பாலும் நெல்லோடு சேர்ந்ததாக இருக்கும், அல்லது மீனோடு சேர்ந்ததாக இருக்கும். அரிசி ஆலை, மா அரைக்கும் ஆலை, ஐஸ் தொழிற்சாலை, நண்டு, இறால் வாங்கி வைக்கும் குளிரறை. எதுவானாலும் மோட்டர் வேண்டும். மோட்டர் வந்தால் மின்பட்டியல் வரும்.

2022 ஓகஸ்ட் மாதம் 10ஆம் திகதி மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூட்டப்பட்டது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். பிறகு குறைந்தது, கூடியது, 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்தது, அதே ஆண்டு ஜூனில் 15 வீதம் கூடியது. இந்த வீதங்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் ஒரு சிறு தொழிலாளியின் கையில் இருக்கும் விடயம் வீதம் அல்ல. அதைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு தீர்மானிக்கிறது. அவருடைய கையில் இருப்பது எந்த மணிக்கு இயந்திரத்தை ஓட்டுகிறார், எத்தனை இயந்திரங்களை ஒரே நேரத்தில் ஓட்டுகிறார் என்ற இரண்டும்தான். இந்த இரண்டுக்கும் மின்பட்டியலில் தனித்தனியாக விலை போடப்பட்டிருக்கிறது. போர் முடிந்து திரும்பி வந்து, கடன் எடுத்து, இணைப்புப் பெற்றுத் தொழில் தொடங்கிய பலருக்கு அந்த விலையை எவரும் உட்காரவைத்து விளக்கியதில்லை. பட்டியலின் அடியில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி.

முதலில் ஓர் எல்லைக்கோடு. கைத்தொழில் பாவனையாளர்களை மின்சார சபை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒப்பந்தக் கேள்வி 42 கே.வி.ஏ. வரை உள்ளவர்கள் முதற் பிரிவு. பட்டியலில் I-1 என்று இருக்கும். அதற்கு மேல், சாதாரண 400 வோல்ற்று இணைப்பிலேயே இருப்பவர்கள் I-2. பதினோராயிரம் வோல்ற்றில் நேரடியாக எடுக்கும் பெரிய ஆலைகள் I-3. மூன்று கட்ட 60 அம்பியர் இணைப்பை முழுமையாக இழுத்தால் ஏறத்தாழ 41.6 கே.வி.ஏ. வரும். 42 என்ற எண் அங்கிருந்துதான் வருகிறது.

I-1 இல் இருப்பவருக்கு எந்த மணிக்கு ஓட்டினாலும் ஓர் அலகு ஒரே விலை. அவர் நள்ளிரவில் எழுந்து அரிசி குத்தினால் நித்திரைதான் போகும், ஒரு சதமும் மிஞ்சாது. "இரவில் ஓட்டினால் கரண்ட் மலிவாமே" என்று கேள்விப்பட்டு நேரத்தை மாற்றிக்கொண்டு, பட்டியலில் எந்த மாற்றமும் இல்லாமல் ஏமாந்துபோவது இந்தக் கோடு தெரியாததால் நடப்பது. ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் பட்டியலை எடுத்து உங்கள் பிரிவு எது என்று பாருங்கள்.

பார்க்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். எழுத்து I ஆ, GP ஆ? GP என்றால் பொதுநோக்கு. கடைகள், அலுவலகங்களுக்கான பிரிவு. உற்பத்தி செய்யும் ஒருவர், முன்பு அதே கட்டடத்தில் கடை இருந்ததால் GP இலேயே தொடர்ந்துகொண்டிருந்தால், அவர் நேரத்தைப் பற்றி யோசிப்பது பிறகு. முதலில் பிரிவை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். 2022 ஓகஸ்ட்டுக்கு முன்பிருந்த விலைகளில் I-2 இன் பகல் அலகு 11 ரூபா, GP-2 இன் பகல் அலகு 21 ரூபா 80 சதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அந்தப் பழைய விலைகளையே இனி வரும் கணக்குக்கும் எடுத்துக்கொள்கிறேன். அவை பல ஆண்டுகள் அசையாமல் இருந்தவை, பலருடைய பழைய பட்டியல்களில் இன்னும் இருப்பவை. இன்றைய விலை உங்கள் கடைசிப் பட்டியலில் இருக்கிறது. அதை எடுத்து இந்த எண்களின் இடத்தில் போட்டுக்கொள்ளலாம். கணக்கின் வழி மாறாது.

I-2 இல் ஒரு நாள் மூன்று துண்டுகள். காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், 13 மணித்தியாலம். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், 4 மணித்தியாலம். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை உச்சமற்ற நேரம், 7 மணித்தியாலம். நமது பழைய விலைகளில் ஓர் அலகு பகலில் 11 ரூபா, உச்ச நேரத்தில் 20 ரூபா 50 சதம், உச்சமற்ற நேரத்தில் 6 ரூபா 85 சதம். இவற்றுக்கு மேல் கேள்விக் கட்டணம், ஒரு கே.வி.ஏ.க்கு மாதம் 1,100 ரூபா. நிலையான கட்டணம் மாதம் 3,000 ரூபா.

உச்ச நேரம் ஏன் இவ்வளவு விலை என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. நாடு முழுவதும் எல்லா வீட்டிலும் மின்குமிழ் எரியும், சோறு வேகும், தொலைக்காட்சி ஓடும் நேரம் அது. சூரியன் போய்விடும். எரிபொருள் எரித்து ஓடும் இயந்திரங்களை அந்த நாலு மணித்தியாலத்துக்காகக் கிளப்ப வேண்டும்.

இனி ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் கட்டிய தொழிற்சாலை, நறுவிலிக்குளத்தில் தேடாதீர்கள். நாளொன்றுக்கு பத்துத் தொன் ஐஸ்கட்டி. உப்புநீர்த் தொட்டிக்குள் தகரப் பெட்டிகளை இறக்கி, அவற்றில் நல்ல தண்ணீர் நிரப்பி, உப்புநீரைப் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை வரை குளிராக்கி உறையவைக்கும் வழக்கமான முறை. கொம்பிரசர், உப்புநீரைக் கலக்கும் விசிறி, குளிர்த்தும் தண்ணீர்ப் பம்பு எல்லாம் சேர்த்து 32 கிலோவாற் இழுக்கின்றன என்று வைப்போம். நாளுக்கு 20 மணித்தியாலம் ஓடினால் 640 அலகு. ஒரு தொன்னுக்கு 64 அலகு. இப்படியான கட்டி ஐஸ் தொழிற்சாலைக்கு இது நியாயமான அளவு.

இருபது மணித்தியாலம் ஓடினால் நாலு மணித்தியாலம் ஓய்வு. எந்த நாலு மணித்தியாலம்? இங்கேதான் எல்லாம் தங்கியிருக்கிறது. மனிதர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? மாலையில் ஆட்கள் நிற்கிறார்கள், வேலை நடக்கிறது, இயந்திரம் ஓடுகிறது. நள்ளிரவு தாண்டிக் களைத்துப்போய், ஒன்றரை மணிக்கு நிறுத்திவிட்டுப் படுக்கிறார்கள். விடிய ஐந்தரைக்கு மறுபடி ஓட்டுகிறார்கள். இயற்கையான ஒழுங்கு. ஆனால் மின்சாரம் ஆக மலிவாக இருக்கும் நேரத்தில் நிறுத்தி, ஆக விலையாக இருக்கும் நேரத்தில் ஓட்டும் ஒழுங்கு.

அதன் விலை இப்படி. பகல் 13 மணித்தியாலத்துக்கு 416 அலகு, 4,576 ரூபா. உச்ச நேரத்தில் 128 அலகு, 2,624 ரூபா. இரவு பத்தரை முதல் ஒன்றரை வரை 96 அலகு, ஏறத்தாழ 658 ரூபா. ஒரு நாளுக்கு 7,858 ரூபா.

இப்போது அதே ஓய்வை மாலை ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையே வைப்போம். பகல் மாறவில்லை, 4,576 ரூபா. உச்ச நேரம் ஒன்றுமில்லை. இரவு ஏழு மணித்தியாலமும் ஓடுகிறது, 224 அலகு, 1,534 ரூபா. மொத்தம் 6,110 ரூபா. வேறுபாடு ஒரு நாளுக்கு 1,747 ரூபா. மாதத்தில் 26 நாள் ஓடினால் 45,427 ரூபா. அதே ஐஸ், அதே இயந்திரம், அதே அலகுகள்.

இன்றைய விலையில் உங்களுக்கு எவ்வளவு என்று அறிய முழுக் கணக்கும் வேண்டாம். பட்டியலில் உள்ள உச்சநேர விலையிலிருந்து உச்சமற்ற நேர விலையைக் கழியுங்கள். வந்ததை, நீங்கள் இடம் மாற்றக்கூடிய அலகுகளால் பெருக்குங்கள். நமது தொழிற்சாலைக்கு அது 128. இந்த இடைவெளி ஒவ்வொரு திருத்தத்திலும் மாறுகிறது. மொத்தக் கட்டணம் குறைந்த ஒரு திருத்தத்தில் இடைவெளியும் சுருங்கியிருக்கலாம். பத்திரிகையில் வரும் சராசரி வீதத்தைப் பார்த்து இதை ஊகிக்க முடியாது.

நாலு மணித்தியாலம் நிறுத்தினால் ஐஸ் கெட்டுப்போகாதா என்று தொழில் தெரிந்தவர்கள் உடனே கேட்பார்கள். நல்ல கேள்வி. பதில்: முன்பும் அவர் நாலு மணித்தியாலம் நிறுத்திக்கொண்டுதான் இருந்தார். தொட்டிக்குள் பல தொன் எடையுள்ள உப்புநீர் இருக்கிறது. கொம்பிரசர் நின்றாலும் அந்த உப்புநீர் பெட்டிகளிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உறைதல் மெதுவாகத் தொடரும், உப்புநீர் மெல்லச் சூடாகும். பத்துப் பாகை கீழே இருந்தது நாலு மணித்தியாலத்தில் ஐந்து, ஆறு பாகை கீழே வரை ஏறலாம். அந்தத் தொட்டிதான் உங்கள் மின்கலம்.

ஆனால் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, கலக்கும் விசிறியை நிறுத்தக்கூடாது. அது நின்றால் குழாய்க்கு அருகில் உள்ள குளிர் அங்கேயே நிற்கும், மூலையில் உள்ள பெட்டிகள் உறையாமல் கிடக்கும். இரண்டு கிலோவாற் விசிறி நாலு மணித்தியாலத்துக்கு எட்டு அலகு எடுக்கும். அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம். மற்றது, ஆறரைக்கு சற்று முன் புதுத் தண்ணீர்ப் பெட்டிகளை இறக்கக்கூடாது. முப்பது பாகையில் உள்ள தண்ணீர்தான் தொட்டியின் குளிரை ஆக வேகமாகக் குடிப்பது. மன்னார்க் கரையில் மாலையில் கடலுக்குப் போகும் படகுகளுக்கு ஐஸ் மதியத்துக்குப் பிறகுதான் வேண்டும். ஆகவே காலையிலிருந்து மதியம் வரை கட்டி எடுத்து, எடுத்த இடத்தை அப்போதே நிரப்பிவிட்டால், மாலையாகும்போது பெட்டிகள் பாதியளவு உறைந்திருக்கும்.

இது சரியாக நடக்கிறதா என்று அறிய ஒரு வெப்பமானி போதும். மாலை ஆறரைக்கு ஒருமுறை, பத்தரைக்கு ஒருமுறை உப்புநீரின் வெப்பத்தைக் கொப்பியில் எழுதுங்கள். முதல் வாரம் நாலு பாகை ஏறியது மூன்றாம் மாதம் ஏழு பாகை ஏறினால் தொட்டிச் சுவரின் காப்பு நனைந்துவிட்டது, அல்லது மூடிப் பலகை உடைந்திருக்கிறது, அல்லது யாரோ மாலையில் பெட்டி நிரப்புகிறார்கள்.

இரவில் ஓட்டுவதால் கிடைக்கும் சிறு இலாபம் ஒன்றும் உண்டு. மன்னார் வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு வெப்பத்தை வெளியே தள்ள கொம்பிரசர் படும் பாடு இரவு இரண்டு மணிக்கு இல்லை. அதே ஐஸுக்குச் சற்றுக் குறைவான அலகே போகும்.

இனிக் கேள்விக் கட்டணம். இதைத்தான் பெரும்பாலானோர் வாசிக்காமல் தாண்டுகிறார்கள், பெயரும் அப்படி. யாரும் எதையும் கேட்கவில்லை. ஒரே நேரத்தில் நீங்கள் மின்வலையிடம் எவ்வளவு கேட்டீர்கள் என்பதுதான் அந்தக் கேள்வி. மீற்றர் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் சராசரியைக் கணக்கிட்டுக்கொண்டே போகும். மாதத்தில் ஆகக் கூடிய அந்த ஒரு 15 நிமிடம் எதுவோ, அது பட்டியலில் ஏறும். மாதம் முழுவதும் நீங்கள் அடக்கமாக இருந்து, ஒருநாள் மாலை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் அந்த நாளின் எண்ணுக்குத்தான் மாதத்தின் விலை.

இதனால் இரண்டு கட்டணங்களும் குணத்தில் வேறு. உச்ச நேரத்தில் ஒருநாள் தவறி ஓட்டினால் அந்த ஒரு நாளின் நட்டம் மட்டும்தான், மறுநாள் திருந்தலாம். கேள்வியில் ஒரு கால் மணித்தியாலம் தவறினால் அந்த மாதம் போனதுதான். ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இந்த வேறுபாட்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நமது தொழிற்சாலையில் 32 கிலோவாற் ஓடுகிறது. மோட்டர்களின் வலுக்காரணி 0.8 என்றால் மீற்றர் பார்ப்பது 32 அல்ல, 40 கே.வி.ஏ. மோட்டர் வேலைக்கு எடுப்பது ஒரு பங்கு, காந்தப்புலத்துக்காக வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுப்பது இன்னொரு பங்கு. கம்பி இரண்டையும் சுமக்கிறது, ஆகவே சபை இரண்டுக்கும் சேர்த்து அறவிடுகிறது. இதற்கு மேல் கட்டியை உடைக்கும் இயந்திரம் 6 கிலோவாற், கிணற்றுப் பம்பு 2 கிலோவாற். எல்லாம் சேர்ந்து ஓடிய கால் மணித்தியாலத்தில் 40 கிலோவாற், அதாவது 50 கே.வி.ஏ. பழைய விலையில் 55,000 ரூபா.

இதைக் குறைக்க இரண்டு வேலைகள். கிணற்றுப் பம்பை விடிய மூன்று மணிக்கு ஓட்டி மேல்தொட்டியை நிரப்பிவிடுவது. உடைக்கும் நேரத்தில் பம்பு ஓடாது, 38 கிலோவாற் ஆகிறது. பிறகு கொள்ளளவி எனப்படும் கப்பாசிற்றர் தொகுதி ஒன்றைப் பொருத்தி வலுக்காரணியை 0.95க்கு உயர்த்துவது. 38ஐ 0.95ஆல் பிரித்தால் 40 கே.வி.ஏ. இப்போது 44,000 ரூபா. மாதம் 11,000 ரூபா மிச்சம். கப்பாசிற்றருக்குக் கொடுக்கும் விலையை இந்த மிச்சத்தால் பிரித்தால் எத்தனை மாதத்தில் காசு திரும்பும் என்பது தெரியும். வாங்கும்போது, தேவைக்கேற்பப் படிப்படியாகச் சேர்த்துக் கழற்றும் வகையை வாங்குங்கள். எப்போதும் இணைந்தே கிடக்கும் ஒரே பெரிய கப்பாசிற்றர், கொம்பிரசர் நிற்கும் நாலு மணித்தியாலத்தில் வலுக்காரணியை மறுபக்கம் கெடுக்கும், வோல்ற்றளவையும் ஏற்றும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் அது மெல்லச் செத்தும் போகும். சத்தம் எதுவும் வராது. அலகுகள் மாறாமல் கே.வி.ஏ. மட்டும் 40இலிருந்து 45, 47 என்று ஏறிக்கொண்டு போனால் அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

ஊரில் உலவும் ஒரு பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டர் கிளம்பும்போது ஆறு மடங்கு இழுக்குமாம், அதனால்தான் கேள்விக் கட்டணம் ஏறுகிறதாம். ஆறு மடங்கு உண்மை. ஆனால் அது எட்டு, பத்து விநாடி. 40 கே.வி.ஏ. ஓட்டம் எட்டு விநாடிக்கு 240 ஆகி மறுபடி 40க்கு வந்தால், 900 விநாடிகளின் சராசரி 41.8. இரண்டுகூட ஏறவில்லை. கட்டணத்தை ஏற்றுவது விநாடிகள் அல்ல, கால் மணித்தியாலங்கள்.

உண்மையான ஆபத்து இரவு பத்தரைக்குப் பின் வரும் அரை மணித்தியாலத்தில் இருக்கிறது. நாலு மணித்தியால ஓய்வுக்குப் பிறகு உப்புநீர் சற்றுச் சூடாக இருக்கும். அந்த நிலையில் கொம்பிரசருக்குள் வழமையைவிடக் கூடுதலான வாயு வரும். மோட்டர் வழமையைவிடக் கூடுதலாக இழுக்கும், அதுவும் பல நிமிடங்களுக்கு. அந்த நேரத்தில் உடைக்கும் இயந்திரத்தையும் பம்பையும் போட்டால் மாதத்தின் ஆகக் கூடிய எண் அங்கேதான் பதிவாகும். ஆகவே பத்தரைக்கு கொம்பிரசர் மட்டும். உருளைகளில் பாதியைச் சுமையில்லாமல் விடும் வசதி இருந்தால் முதல் கால் மணித்தியாலம் அப்படியே ஓடட்டும். பதினொன்றரைக்குப் பிறகு மற்றவை.

இப்போது இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உடைக்கும் இயந்திரமும் பம்பும் எடுக்கும் அலகுகள் சிறியவை, அவற்றை விட்டுவிடுகிறேன். கவனமில்லாமல் ஓடிய தொழிற்சாலை: அலகுகளுக்கு 204,298, கேள்விக்கு 55,000, நிலையான கட்டணம் 3,000. மொத்தம் 262,298 ரூபா. நேரத்தையும் சுமையையும் ஒழுங்குபடுத்திய பிறகு: 158,870, 44,000, 3,000. மொத்தம் 205,870 ரூபா.

ஆனால் இங்கே நிறுத்தினால் கணக்கு முழுமையாகாது. 40 கே.வி.ஏ.க்கு இறங்கிவிட்டோம் அல்லவா? அது 42க்குக் கீழே. இந்தத் தொழிற்சாலை I-1 இல் இருந்திருந்தால் என்ன? அதே பழைய விலையில் மாதம் 300 அலகுக்கு மேற்பட்டால் எல்லா அலகும் 12 ரூபா 20 சதம். 16,640 அலகுக்கு 203,008 ரூபா, நிலையான கட்டணம் 600. மொத்தம் 203,608 ரூபா. இரவில் யாரும் விழித்திருக்கத் தேவையில்லை, கேள்விக் கட்டணம் இல்லை, ஆறரைக்கு நிறுத்தும் தொல்லை இல்லை. அப்படியிருந்தும் I-2 இல் பாடுபட்டு ஒழுங்குபடுத்தியதைவிட இரண்டாயிரம் ரூபா குறைவு.

இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் இதுதான் இந்தக் கட்டண முறையின் உண்மையான வடிவம். கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவர், கோட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பவரைவிட 58,000 ரூபாவுக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க நேரலாம். அதற்குக் காரணம் ஒரு கட்டி உடைக்கும் இயந்திரமும் ஒரு கிணற்றுப் பம்பும். இணைப்பு எடுக்கும்போது "பிறகு பெருப்பிக்கலாம்" என்று பெரிதாக எடுத்துவிட்டு, பிறகு பெருக்காமலே வருடக்கணக்காகக் கேள்விக் கட்டணம் கட்டுவது நம் பகுதியில் புதுமையான கதையல்ல. அப்படி இருப்பவர் தமது கடைசிப் பன்னிரண்டு பட்டியல்களின் கே.வி.ஏ. எண்ணை எழுதிப் பார்க்கட்டும். பன்னிரண்டும் 42க்குக் கீழே என்றால், ஒப்பந்தக் கேள்வியைக் குறைத்து I-1 க்கு இறங்குவது பற்றிப் பிரதேச மின் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்கலாம். கேட்பதற்கு முன் இன்றைய விலைகளில் இரண்டு பிரிவுக்கும் மேலே செய்த கணக்கைச் செய்து பார்க்க வேண்டும். நாளுக்கு பத்துத் தொன் பதினைந்தாகப் போகிறது என்றால் இறங்கவே கூடாது. அந்த அளவில் I-2 இன் இரவு விலை வென்றுவிடும்.

I-1 இலிருந்து மேலே போகப்போகிறவருக்கும் இதே கணக்குத்தான். குளிரறை ஒன்று புதிதாகக் கட்டும்போது அதன் விலையோடு, அது உங்களைக் கோட்டுக்கு மேலே தள்ளுமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தள்ளினால் அடுத்த நாளிலிருந்து மாலை ஆறரை உங்களுக்கு முக்கியமான மணியாகிவிடும்.

அரிசி ஆலைக்கு இது வேறு மாதிரி. ஐஸுக்கு இரவு வேலை பழக்கமானது; யாரோ ஒருவர் எப்படியும் இயந்திரத்தோடு படுத்திருப்பார். அரிசி ஆலையை இரவு பதினொரு மணிக்கு ஓட்டினால் சத்தத்துக்கும் தவிட்டுத் தூசிக்கும் அயலார் சண்டைக்கு வருவார்கள், வேலையாட்கள் வீடு திரும்பப் பேருந்தும் கிடையாது. ஆலைக்காரர் செய்யக்கூடியது, அறுவடைக் காலத்தில் நெல் குவிந்துவிட்டதென்று மாலை ஆறரையைத் தாண்டி இழுக்காமல், காலை ஐந்தரைக்கே தொடங்குவது. பகல் விலையிலிருந்து உச்சவிலைக்குப் போகாமல் தப்பினால் போதும். அதற்கு மேல் அவிக்கும் தொட்டிக்குப் பம்பு, உமி ஊதும் விசிறி, குத்தும் இயந்திரம் மூன்றையும் ஒரே கால் மணித்தியாலத்தில் போடாமல் இருப்பது.

மீற்றரில் ஒரு சிறு விடயம். நேரம் பார்க்கும் மீற்றருக்குள் கடிகாரம் இருக்கிறது. திரையில் எண்கள் ஒவ்வொன்றாக மாறி வரும்போது நேரமும் வரும். அதையும் உங்கள் கைத்தொலைபேசியையும் ஒப்பிடுங்கள். மீற்றர் பத்து நிமிடம் பிந்தியிருந்தால், நீங்கள் பத்தரைக்கு ஓட்டத் தொடங்கும்போது அதற்கு இன்னும் பத்து இருபதுதான். தினமும் பத்து நிமிடம் உச்சவிலையில் போகும். திருத்தித் தரும்படி கேட்கலாம். திருத்தும் வரை மீற்றரின் நேரத்துக்கே வேலை செய்யுங்கள், சுவர்க் கடிகாரத்துக்கு அல்ல.

தானாக ஓட்டும் ரைமர் பொருத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: பம்புக்குப் பொருத்தலாம். அமோனியாவில் ஓடும் கொம்பிரசருக்கு வேண்டாம். ஆளில்லாத இடத்தில் அமோனியா இயந்திரம் தானாகக் கிளம்புவது, கசிவு ஒன்று ஏற்பட்டால் அயல் வீடுகளுக்கு ஆபத்து. அதனால் இரவு பத்தரைக்கு ஒரு பழகிய ஆள் அங்கே நிற்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் மேலதிகச் சம்பளத்தை 45,000 ரூபாவிலிருந்து கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் உண்மையான இலாபம். முன்பே இரவில் ஆள் இருந்த தொழிற்சாலைக்கு ஏறத்தாழ முழுவதும் மிஞ்சும். ஆறு மணியோடு பூட்டிவிட்டுப் போகும் இடத்துக்கு மிஞ்சாமலும் போகலாம்.

கடைசியாக, இந்த மணிகள் எவ்வளவு காலம் இப்படியே இருக்கும் என்ற கேள்வி. இரவு மலிவு, மாலை விலை என்ற ஒழுங்கு, கூரைச் சூரிய மின்சாரம் பெருகுவதற்கு முன் போடப்பட்டது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். தொழிற்சாலைகள் மூடியிருக்க, மின்சாரம் வாங்க ஆளில்லாமல், கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டது. பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது; மாலையில் இல்லை. இந்த நிலை நீடித்தால் மலிவு நேரத்தை நள்ளிரவிலிருந்து நடுப்பகலுக்கு நகர்த்தும்படி அழுத்தம் வரும். வராவிட்டால்தான் ஆச்சரியம். மாலை உச்சம் மட்டும் அப்படியே இருக்கும், ஏனென்றால் மாலையில் சூரியன் இல்லை.

மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனியின் முப்பது காற்றாடிகளும் இந்தக் கணக்கில் வருகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அவை இரவிலும் சுற்றும். அந்த மின்சாரம் தேசிய வலைக்குள் போகிறது, நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம். காற்றாடிக்குக் கீழே ஐஸ் செய்பவருக்கும் கொழும்பில் ஐஸ் செய்பவருக்கும் ஒரு சத வேறுபாடு இல்லை. புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் 2025இல் வீதிக்கு வந்தபோது நிலம், நிலத்தடி நீர், பறவைகள், மீன்பிடி பற்றிப் பேசினார்கள். பேசவேண்டியவைதான். காற்று பலமாக வீசும் இரவுகளில் இங்குள்ள ஐஸ் தொழிற்சாலைகளுக்கும் நீரிறைக்கும் பம்புகளுக்கும் தனியான ஓர் இரவு விலை என்ற கோரிக்கை அந்த மேடைகளில் நான் கேட்ட அளவில் வரவில்லை. கட்டணத் திருத்தம் வரும்போதெல்லாம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. எழுத்திலும் அனுப்பலாம், தமிழிலும் அனுப்பலாம்.

அது வரும்வரை புதிதாகத் தொட்டி கட்டுகிறவருக்கு ஒரு யோசனை மட்டும். தொட்டியைத் தேவையைவிடக் கால்வாசி பெரிதாகவும், சுவர்க் காப்பை இரண்டு அங்குலம் தடிப்பாகவும் போட்டால், எந்த நாலு மணித்தியாலத்தை விலையேற்றினாலும் அந்த நாலு மணித்தியாலத்தில் கொம்பிரசரை நிறுத்தலாம்.